தினமும் நல்லபடியாக முடியும் ஜாப், ஏன் ஒருநாள் நேரத்துக்கு முடிவதில்லை?

ராத்திரி ஒரு மணிக்குத் தானாக ஓடவேண்டிய ஜாப் ஒன்று உடைந்து நின்றால், காலை ஏழு மணிக்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாராவது போன் செய்வார்கள். அதே ஜாப் தினமும் பிழையில்லாமல் முடிந்து, ஆனால் நேற்றைவிடச் சில நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. லாகில் எர்ரர் இருக்காது. டாஷ்போர்டில் பச்சைதான் எரியும். இப்படி மெல்ல மெல்ல இடம் மாறுவதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். அதைப் பிடிக்க மூன்று எண்கள் வேண்டும்: ஜாப் எவ்வளவு நேரம் ஓடியது, எத்தனை உருப்படிகளை முடித்தது, வரிசையில் எத்தனை காத்திருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே ஏமாற்றும். எப்படி ஏமாற்றும், சேர்த்து எப்படிப் படிப்பது என்பதை ஒரே ஒரு ஜாப்பை வைத்துப் பார்ப்போம்.

புதுச்சேரியில் மெயின் லேப் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் என்று வைத்துக்கொள்வோம். கற்பனை நிலையம்தான், கணக்குப் போட வசதியாக எண்களையும் நானே உருண்டையாக வைத்திருக்கிறேன். அரியாங்குப்பம், பாகூர், கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, சிதம்பரம் என்று அதற்குக் கலெக்‌ஷன் சென்டர்கள். சாயங்காலம் பைக்கில் சேம்பிள் பெட்டிகள் வந்துசேரும். நள்ளிரவுக்குள் மெஷின்கள் முடிவைத் தந்துவிடும், டாக்டர் ஒப்புதல் கொடுத்துவிடுவார். அதிகாலை 1 மணிக்கு `cron` ஒரு ஜாப்பை எழுப்பும். அது ஒப்புதல் ஆன ஒவ்வொரு முடிவையும் எடுத்து, அதே நோயாளியின் பழைய அளவுகளைத் தேடிப் பக்கத்தில் போட்டு, பிடிஎஃப் ரிப்போர்ட் தயாரித்து, போனுக்கு லிங்க் அனுப்பும். 4:30 மணிக்கு இன்ஷூரன்ஸ் பில் போடும் வேறொரு ஜாப் அதே டேட்டாபேஸில் தொடங்குகிறது. ஆக, நம் ஜாப்புக்கு இருக்கும் இடைவெளி 210 நிமிடம்.

ஜூன் மாதத்தில் வாரநாட்களில் 3,000 ரிப்போர்ட், 50 நிமிடம். அக்டோபரில் 4,200 ரிப்போர்ட், 94 நிமிடம். இதைப் பார்க்கும் யாரும் முதலில் சொல்வது, "மழைக்காலம் வந்துவிட்டது, காய்ச்சல் கேஸ் கூடிவிட்டது, அதனால் நேரமும் கூடியிருக்கிறது" என்பதுதான். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் நம் பிரச்சினை ஒளிந்திருக்கிறது.

நேரத்தை இரண்டாகப் பிரிப்பது

எந்த ஜாப்புக்கும் இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று, எத்தனை உருப்படி இருந்தாலும் ஆகிற நிலையான செலவு: கனெக்‌ஷன் திறப்பது, டெம்ப்ளேட்டுகளை ஏற்றுவது, நேற்றைய தற்காலிக ஃபைல்களைத் துடைப்பது. இன்னொன்று, ஒவ்வொரு உருப்படிக்கும் ஆகிற செலவு. நம் ஜாப்புக்கு ஜூனில் நிலையான செலவு 10 நிமிடம், ஒரு ரிப்போர்ட்டுக்கு 0.8 நொடி. 3,000 ரிப்போர்ட்டுக்கு 40 நிமிடம், அதோடு 10, மொத்தம் 50. சரியாக வருகிறது.

இதே கணக்கில் அக்டோபரின் 4,200 ரிப்போர்ட்டுக்கு 56 நிமிடமும் நிலையான 10 நிமிடமும் சேர்ந்து 66 நிமிடம்தான் ஆகியிருக்கவேண்டும். ஆனது 94. வேலைப்பளுவால் விளக்க முடியாத 28 நிமிடம் எங்கிருந்தோ வந்திருக்கிறது.

பலரும் இங்கே செய்வது, மொத்த நேரத்தை எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது. ஜூனில் 1 நொடி, அக்டோபரில் 1.34 நொடி. ஏதோ மோசமாகியிருக்கிறது என்று இது சொல்கிறது, நல்லது. ஆனால் இந்த வகுத்தலை அப்படியே அலாரமாக வைத்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தூக்கம் போகும். ஜூனில் ஞாயிற்றுக்கிழமை வருவது 1,000 ரிப்போர்ட்தான். 10 நிமிடமும் 800 நொடியும் சேர்ந்து 23 நிமிடத்துக்குச் சற்று மேல். வகுத்தால் ஒரு ரிப்போர்ட்டுக்கு 1.4 நொடி! எதுவுமே கெடவில்லை, நிலையான 10 நிமிடத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் குறைவு, அவ்வளவுதான்.

அப்புறம், அந்த 28 நிமிடம் எந்தப் பக்கம் சேர்ந்தது என்பதை அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டுக்கான செலவு 0.8இலிருந்து 1.2 நொடியாகியிருந்தாலும் 94 வரும். நிலையான செலவு 10இலிருந்து 38 நிமிடமாகியிருந்தாலும் அதே 94தான் வரும். இரண்டுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

பிரித்துக் காட்டுவது கூட்டமில்லாத நாள். அக்டோபர் ஞாயிறுகளில் 1,200 ரிப்போர்ட். ரிப்போர்ட்டுக்கான செலவு கூடியிருந்தால் 24 நிமிடமும் 10 நிமிடமும் சேர்ந்து 34 நிமிடம் ஆகும். நிலையான செலவு கூடியிருந்தால் 16 நிமிடமும் 38 நிமிடமும் சேர்ந்து 54 ஆகும். ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் பார்க்கிறோம்: 34. ஆக, கூடியது ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஆகிற செலவு.

டிரிஃப்ட் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பரபரப்பான நாட்களையே முறைத்துப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ ஞாயிறும் பொங்கலும் தீபாவளியும்தான் அதிக உண்மை பேசுவதாகத் தோன்றுகிறது. நம் பக்கத்தில் புயலும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது போன்ற ஒரு நாளில் சேம்பிள் எடுக்க யார் வரப்போகிறார்கள்? 150 ரிப்போர்ட் வந்தால், 1.2 நொடிக் கணக்கில் 3 நிமிடம்தான் வேலை. ஜாப் 13 நிமிடத்தில் முடியும். நிலையான செலவு 10 நிமிடம் என்பது ஏறக்குறைய நேரடியாகவே கண்ணில் படும். அதே நாளில் 40 நிமிடம் ஓடியிருந்தால் கதையே வேறு.

எதைக் குறித்து வைப்பது

இந்தக் கணக்கெல்லாம் போட, ஓட்டத்துக்கு ஒரு வரி வீதம் எங்கேயாவது இருக்கவேண்டும். டேட்டாபேஸிலேயே ஒரு சின்ன டேபிள் போதும்:

```sql
CREATE TABLE job_runs (
  job         text,
  started_at  timestamptz,
  ended_at    timestamptz,
  picked int, done int, failed int, skipped int,
  left_over   int,
  oldest_age_s int
);
```

ஜாப் தொடங்கும்போதே வரியைச் சேர்த்துவிட்டு, முடியும்போது மற்றவற்றை நிரப்பவேண்டும். கடைசியில் மட்டும் எழுதினால், மெமரி போதாமல் பாதியில் கொல்லப்பட்ட ஓட்டம் தடயமே இல்லாமல் மறைந்துவிடும். முதலிலேயே எழுதினால், `ended_at` காலியாக இருக்கும் வரியே சாட்சி.

எடுத்தது, முடித்தது, தோற்றது, தவிர்த்தது என்று நான்கு எண்ணிக்கைகள் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. பின்னது மூன்றையும் கூட்டினால் முதலாவது வரவேண்டும். வராவிட்டால் சில ரிப்போர்ட்டுகள் நடுவழியில் தொலைகின்றன. தோற்றவை நேரக் கணக்கையும் குழப்பும். போன் மெசேஜ் அனுப்பும் சர்வீஸ் பதில் தராமல் 30 நொடி காத்துவிட்டுத் தோற்றால், அப்படி 40 தோல்விகளுக்கே 20 நிமிடம் போய்விடும். முடித்தவற்றின் எண்ணிக்கையில் அந்த 40 வராது. நேரத்தில் மட்டும் வரும். பார்ப்பதற்கு நிலையான செலவு ஏறியது மாதிரியே இருக்கும்.

பூஜ்யத்தையும் கவனிக்கவேண்டும். மெஷினிலிருந்து வரவேண்டிய ஃபைல் வராத ராத்திரியில் ஜாப் எழுந்து, ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, 10 நிமிடத்தில் வெற்றியோடு முடியும். நேர கிராஃபில் அதுதான் அந்த மாதத்தின் மிக அழகான நாள்.

இப்படிப்பட்ட அளவுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ் போன்ற ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இந்த டேபிள் எதற்கு என்று கேட்கலாம். அமைப்பில் எதையும் மாற்றாமல் விட்டால் புரோமிதியஸ் 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும். நான்கு மாதத்தில் நடந்த நகர்வு அதன் நினைவிலேயே இருக்காது. சின்ன ஜாப்புகளுக்காகப் பலர் பயன்படுத்தும் புஷ்கேட்வேயில் இன்னொரு வழுக்கல்: கடைசியாகத் தள்ளிய எண்ணை அது அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு காட்டும். ஜாப் ஒரு வாரமாக ஓடவே இல்லை என்றாலும் கிராஃப் நேர்கோடாக, ஆரோக்கியமாகத் தெரியும். அதனால்தான் கடைசியாக வெற்றியோடு முடிந்த நேரத்தையும் தள்ளிவைத்து, அது எவ்வளவு பழையது என்று பார்க்கச் சொல்கிறார்கள். டேபிளோ தினமும் ஒரு வரி, வருடத்துக்கு 365 வரி. பத்து வருடம் வைத்திருந்தாலும் யாருக்கும் பாரமில்லை.

வரிகள் சேர்ந்தபின், கையால் செய்த பிரிப்பை நம் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸே செய்துகொடுக்கும். எண்ணிக்கையை ஒரு அச்சிலும் நேரத்தை இன்னொரு அச்சிலும் வைத்துப் புள்ளிகளின் நடுவே ஒரு கோடு போட்டால், கோட்டின் சாய்வுதான் ஒரு ரிப்போர்ட்டுக்கான செலவு. கோடு நேர அச்சைத் தொடும் இடம் நிலையான செலவு.

```sql
SELECT date_trunc('month', started_at) AS month,
       regr_slope(s, done)     AS per_item,
       regr_intercept(s, done) AS fixed
FROM (SELECT *, extract(epoch FROM ended_at - started_at) AS s
      FROM job_runs
      WHERE job = 'report_send' AND ended_at IS NOT NULL) r
GROUP BY 1 ORDER BY 1;
```

இது வேலை செய்ய நாட்களின் எண்ணிக்கைகள் ஒன்றுக்கொன்று விலகி இருக்கவேண்டும். மாதம் முழுக்க தினமும் 3,000 மட்டுமே வந்தால் கோட்டை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம்; விடைக்கு அர்த்தம் இருக்காது. இன்டர்நெட் விட்டுவிட்டு வந்த ஒரே ஒரு மோசமான இரவும் கோட்டை இழுத்துக் கோணலாக்கிவிடும். அதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுப் போடவேண்டும். சில சமயம் நிலையான செலவு மைனஸில் வரும். நேரம் மைனஸில் போகாது, எனவே அந்த எண் ஒரு சேதி சொல்கிறது: கோடு நேராக இல்லை. கூட்டம் கூடக்கூட ஒவ்வொரு ரிப்போர்ட்டும் மெதுவாகிறது, அல்லது அந்த மாதத்துக்குள்ளேயே கூட்டமும் செலவும் சேர்ந்து ஏறியிருக்கின்றன.

கிழமை விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஞாயிறு சேம்பிள்களை அனுப்பும் ஓட்டம் நடப்பது திங்கள் அதிகாலை 1 மணிக்கு. சர்வர் கடிகாரம் யுடிசியில் இருந்தால் அது ஞாயிறு 19:30 என்று பதிவாகும். இந்திய நேரத்தில் இருந்தால் திங்கள். சர்வரை மாற்றும்போது இது மாறிவிட்டால், "திங்கட்கிழமைகள் திடீரென்று மெதுவாகிவிட்டன" என்று யாராவது ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

வரிசை சொல்வதும் சொல்லாததும்

நவம்பருக்கு வருவோம். வாரநாட்களில் 5,200 ரிப்போர்ட் வருகிறது. ஒரு ரிப்போர்ட்டுக்கான செலவு இப்போது 1.3 நொடி. ஆனால் கிராஃபைப் பார்த்தால் மனசு குளிர்கிறது: நேரம் ஏறவில்லை. தினமும் 118 நிமிடத்தை ஒட்டியே நிற்கிறது. முடித்த எண்ணிக்கையும் ஆடாமல் அசையாமல் ஒரே அளவு.

அந்த ஒரே அளவு 5,000. இவ்வளவு உருண்டையான எண் இயற்கையில் வராது. எப்போதோ யாரோ பாதுகாப்புக்காகக் குவெரியில் `LIMIT 5000` என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஜாப் தன் கொள்ளளவைத் தொட்டுவிட்டது. தொட்ட பிறகு நேரமும் எண்ணிக்கையும் நிலையாகத்தான் இருக்கும்; மீதி எல்லாம் வரிசையில் போய்ச் சேரும். எண்ணிக்கை கிராஃபின் தலை கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால், உடனே பார்க்கவேண்டியது வரிசையைத்தான்.

வரிசையின் நீளத்தை எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். இந்த வரிசை நாள் முழுக்க ஏறி, நடுராத்திரியில் உச்சம் தொட்டு, ஜாப் ஓடும்போது இறங்கும். பகல் 12 மணிக்கு அளந்தால் ஒரு எண், ராத்திரி 12 மணிக்கு அளந்தால் வேறு எண்; இரண்டுமே அன்றைய வருகையைத்தான் சொல்கின்றன. ஜாப் சமாளிக்கிறதா என்று தெரியவேண்டுமானால், அது முடிந்த நொடியில் எத்தனை மிச்சம் என்று பார்க்கவேண்டும். டேபிளில் `left_over` இருப்பது அதற்காக. புரோமிதியஸில் என்றால் வரிசையின் அன்றாடத் தாழ்நிலையை `min_over_time` கொண்டு எடுக்கலாம். உச்சம் ஏறினால் கூட்டம் கூடியிருக்கிறது. தாழ்நிலை ஏறினால் ஜாப் பின்தங்குகிறது.

நம் ஜாப்பில் திங்கள் சேம்பிள்களில் 200 மிச்சம், செவ்வாய்க்குப் பின் 400, இப்படியே சனிக்கிழமை வரை போனால் 1,200. ஞாயிறு வருவது 1,500 மட்டுமே. அதோடு மிச்சம் 1,200 சேர்ந்தாலும் 2,700, மொத்தமும் முடிந்துவிடும். திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு வந்து வரிசையைப் பார்க்கிறவருக்குப் பூஜ்யம் தெரியும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அப்படித்தான் தெரியும்.

இதற்குள் பண்ருட்டி சென்டரிலிருந்து போன்: "சார், போன திங்கக்கிழமை குடுத்த ரிப்போர்ட் இன்னும் வரலைன்னு ஒருத்தர் வந்து நிக்கிறாரு. நேத்து குடுத்தவருக்கு வந்துடுச்சாம்."

அந்தக் குவெரி புதியதை முதலில் எடுக்கிறது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. பழையதை முதலில் எடுத்தால், மிச்சமாகும் ரிப்போர்ட் மறுநாள் இரவு முதலில் போய்விடும். யாரும் ஒரு நாளுக்குமேல் காத்திருக்கமாட்டார்கள். புதியதை முதலில் எடுத்தால், திங்களன்று விட்டுப்போன 200 பேர் ஞாயிறு வரை கீழேயே கிடப்பார்கள், ஆறு நாள். இரண்டு முறையிலும் சனிக்கிழமை மிச்சம் அதே 1,200தான். வரிசையின் நீளம் இந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது. காட்டுவது வரிசையில் இருப்பதிலேயே மிகப் பழையதன் வயது. டேபிளின் கடைசிப் பத்தி அது. எனக்கு ஒரே ஒரு வரிசை அளவுதான் வைத்துக்கொள்ள அனுமதி என்றால் நீளத்தை விட்டுவிட்டு இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

உச்சவரம்பை 8,000 ஆக்கி, பழையதை முதலில் எடுக்கும்படி மாற்றினார்கள். 5,200 ரிப்போர்ட்டும் இப்போது 123 நிமிடத்துக்குள் முடிகிறது. புகார் நின்றுவிட்டது. டிரிஃப்ட் நிற்கவில்லை.

அலாரம் ஏன் அடிக்கவில்லை

ஜூனிலிருந்து அக்டோபருக்குள் ஒரு ரிப்போர்ட்டுக்கான செலவு 0.8இலிருந்து 1.2 ஆனது: 50 சதவீதம். இவ்வளவு நகர்ந்தும் ஒரு அலாரம்கூட அடிக்கவில்லையே?

வழக்கமாக வைக்கும் அலாரம், போன வாரச் சராசரியைவிட 20 சதவீதம் கூடினால் சொல் என்பது. நான்கு மாதத்தில் 0.4 நொடி என்றால் ஒரு வாரத்துக்கு 0.023 நொடிதான், அதாவது 3 சதவீதம்கூட இல்லை. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இயல்பாகவே 5 சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கும் ஜாப்பில் இது கண்ணுக்கே தெரியாது. ஒப்பிட எடுக்கும் அளவே டிரிஃப்டோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த அலாரம் திடீர்த் தாவலைப் பிடிக்கும். புது வெர்ஷன் போட்ட மறுநாள் உதவும். நகர்வைப் பிடிக்காது.

நகர்வைப் பிடிக்க, ஒப்பிடும் அளவு ஒரே இடத்தில் நிற்கவேண்டும். ஜூனில் எல்லாம் நன்றாக இருந்தபோதைய 0.80ஐ ஆணியடித்து வைத்துவிடுகிறோம். அப்புறம் ஒவ்வொரு நாளின் சிறு விலகலையும் தூக்கி எறியாமல் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். இதற்குக் கூட்டுத்தொகை முறை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்துப் புள்ளியியலாளர் பேஜ் 1954இல் முன்வைத்தது, கியூசம் என்று பெயர். தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டுக்காகப் புழக்கத்துக்கு வந்த முறை என்றாலும், ராத்திரி ஜாப்புக்கும் அப்படியே பொருந்துகிறது.

செய்வது எளிது. அன்றைய மொத்த நேரத்தில் நிலையான 600 நொடியைக் கழித்து எண்ணிக்கையால் வகுத்தால், அன்றைய ஒரு ரிப்போர்ட்டுக்கான செலவு. இயல்பான ஆட்டத்துக்கு 0.05 சலுகை கொடுக்கலாம். ஆக, அன்றைய செலவிலிருந்து 0.85ஐக் கழித்து, வருவதை நேற்றைய கூட்டுத்தொகையோடு சேர்க்கவேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம் என்றே வைக்கவேண்டும். கூட்டுத்தொகை 0.3ஐத் தாண்டினால் அலாரம்.

செலவு அங்கேயே நின்றால், ஒருநாள் கூடுவதும் இருநாள் குறைவதுமாகக் கூட்டுத்தொகை பூஜ்யத்தின் பக்கத்திலேயே உழன்றுகொண்டிருக்கும். நம் ஜாப்பிலோ செலவு ஏறுகிறது. முதல் இரண்டு வாரம் சலுகைக்குள்ளேயே கழியும். அதன்பின் தினமும் ஒரு சின்னத் துணுக்கு சேரும். துணுக்கும் நாளுக்கு நாள் பெரிதாகும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் 0.3ஐத் தாண்டிவிடும். அப்போது ஒரு ரிப்போர்ட்டுக்கான செலவு 0.90 நொடிதான். 3,000 ரிப்போர்ட் வரும் நாளில் மொத்த நேரம் 50க்குப் பதில் 55 நிமிடம். வெறும் கண்ணுக்கு யாரும் சந்தேகப்படாத அந்த 5 நிமிடத்தை ஜூலையிலேயே சொல்லிவிடுகிறது. ஞாயிறுகளை மட்டும் இதிலிருந்து விலக்கிவிடலாம். 1,000 ரிப்போர்ட் வரும் நாளில் நிலையான செலவு ஒரு நிமிடம் ஆடினாலே விடையில் 0.06 ஆடிவிடும்.

சலுகையும் எல்லையும் இந்த ஜாப்புக்கு நான் வைத்தவை. வேறு ஜாப்புக்கு, நன்றாக ஓடிய ஒரு மாதத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துச் சலுகையை அதைவிடச் சற்று மேலே வைக்கலாம். எல்லையை அதைப் போலப் பல மடங்கு வைத்து, பழைய பதிவுகளில் ஓட்டிப் பார்த்து, தேவையில்லாமல் எத்தனை முறை அடிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

பிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? இங்கேதான் பருவம் விளையாடுகிறது. மாதத்துக்கு 0.1 நொடி வீதம் ஏறினால் மார்ச்சில் செலவு 1.7 நொடி. ஆனால் மழை போய்க் கூட்டமும் 3,000க்கு இறங்கியிருக்கும். மொத்த நேரம் 95 நிமிடம், அதாவது அக்டோபரில் இருந்த அதே 94ஐ ஒட்டி. நவம்பரில் 123 நிமிடம் பார்த்துப் பயந்தவருக்கு, பிரச்சினை தானாகவே சரியாகிவிட்டது போலத் தோன்றும். அடுத்த நவம்பரில் செலவு 2.5 நொடி, கூட்டம் மறுபடி 5,200. 10 நிமிடமும் 217 நிமிடமும் சேர்ந்து 227. அதிகாலை 4:47. இன்ஷூரன்ஸ் ஜாப் 4:30க்கே தொடங்கியிருக்கும். இரண்டும் ஒரே டேபிளை இழுக்க, இரண்டுமே இன்னும் மெதுவாகும்.

இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஓடக்கூடாது என்று `flock -n` என்ற பூட்டைப் போட்டுவைப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பூட்டு கிடைக்காவிட்டால் அது ஒரு வார்த்தையும் சொல்லாமல் 1 என்ற எக்ஸிட் கோடுடன் வெளியேறிவிடும். வெளியீடு எதுவும் இல்லாததால் `cron` மெயிலும் அனுப்பாது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் ஜாப்பில் இதனால் பாதி ஓட்டங்கள் காணாமல் போவதை, `job_runs` டேபிளில் அன்று எத்தனை வரி என்று எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

காரணம் எங்கே இருந்தது

ரிப்போர்ட்டுக்கான செலவுதான் ஏறுகிறது என்று தெரிந்தபின் தேடவேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது: பழைய அளவுகளைத் தேடுவது, பிடிஎஃப் செய்வது, அனுப்புவது. மூன்றுக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால், பிடிஎஃபும் அனுப்புவதும் ஜூனில் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. தேடுவது மட்டும் ஏறியிருக்கிறது.

சென்டர் வாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவு. ஆரம்ப காலத்திலிருந்து இருக்கும் மஞ்சக்குப்பம் ரிப்போர்ட்டுகள் மெதுவாகவும், சமீபத்தில் திறந்த பாகூர் ரிப்போர்ட்டுகள் வேகமாகவும் போகின்றன. ஒரே புரோகிராம், ஒரே சர்வர், ஒரே ராத்திரி. வித்தியாசம் சென்டரின் வயது மட்டுமே. அப்படியானால் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அந்த சென்டரின் மொத்தச் சரித்திரமும் புரட்டப்படுகிறது.

அந்தக் குவெரியை `EXPLAIN (ANALYZE, BUFFERS)` போட்டுப் பார்த்தால் `Rows Removed by Filter` என்ற வரிக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் எண் நிற்கும். இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் `centre_id` மேல் மட்டும். டேட்டாபேஸ் அதை வைத்து அந்த சென்டரின் எல்லா முடிவுகளையும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்த நோயாளியுடையது அல்லாதவற்றைத் தள்ளுகிறது. தினமும் சில ஆயிரம் முடிவுகள் சேரும் டேபிளில் இந்த வேலை தினமும் கொஞ்சம் கூடும். இதற்கென்று ஒரு தேதி கிடையாது. யாரும் எதையும் மாற்றவில்லை, அதனால் "எப்போதிலிருந்து?" என்ற கேள்விக்கு விடையும் கிடையாது. தாவலுக்குத் தேதி உண்டு, அந்தத் தேதியில் யார் எதை மாற்றினார்கள் என்று தேடலாம். தேதியே கிடைக்காவிட்டால், வளர்ந்துகொண்டே இருக்கும் ஏதோ ஒன்றைத் தேடவேண்டும்: டேபிள், லாக் ஃபைல், யாரும் துடைக்காத ஃபோல்டர்.

```sql
CREATE INDEX CONCURRENTLY results_patient_idx
  ON results (centre_id, patient_code, reported_at);
```

இதற்குப் பின் தேடல் நேராக அந்த நோயாளியின் வரிகளுக்கே போகும். டேபிள் இரண்டு மடங்கானாலும் தேடல் நேரம் பெரிதாக ஏறாது. செலவு 0.5 நொடிக்கு இறங்குகிறது. 5,200 ரிப்போர்ட்டும் 54 நிமிடத்துக்குள் முடிகிறது.

இந்த இடத்தில் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஆணியடித்து வைத்த அளவு இன்னும் 0.80இலேயே இருக்கிறது. இனி வேறு காரணத்தால் செலவு 0.5இலிருந்து 0.8 வரை ஏறினாலும், அதாவது 60 சதவீதம் கெட்டாலும், கூட்டுத்தொகை பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருக்கும். எனவே இண்டெக்ஸ் போட்ட பிறகு ஒரு மாதப் பதிவைச் சேர்த்து, கோட்டை மறுபடி போட்டு, புதிய அளவையும் நிலையான செலவையும் எழுதி, கூட்டுத்தொகையைப் பூஜ்யத்தில் தொடங்கவேண்டும். மாற்றிய தேதியையும் காரணத்தையும் பக்கத்திலேயே ஒரு வரியில் குறித்துவைத்தால், அடுத்த மழைக்காலத்தில் கிராஃபைப் பார்க்கிறவர் அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை.